ஜிஎஸ்டி நோட்டீஸுக்குப் பதில்: போர்ட்டலிலா, நேரிலா? எது எதைப் பதிவில் விட்டுவைக்கும்?

ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், பில் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போவது. அலுவலர் பொறுமையாகக் கேட்பார், பில்களைப் புரட்டுவார், "சரி, பார்த்துக்கலாம்" என்பார். திரும்பி வந்தவர் விஷயம் முடிந்துவிட்டது என்று இருந்துவிடுவார். சில மாதம் கழித்து, வரியைக் கட்டச் சொல்லும் DRC-07 உத்தரவு வரும். அதில் "வரிசெலுத்துபவர் பதில் எதுவும் அளிக்கவில்லை" என்று இருக்கும். அலுவலர் பொய் எழுதவில்லை. அந்த வழக்கின் கோப்பில் பதில் என்று ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

போர்ட்டலா, நேரா என்று முடிவு செய்யும்போது எது சுலபம் என்று பார்க்கக் கூடாது. நாளைக்கு மேல்முறையீட்டில் "நான் இதைச் சொன்னேன், இந்தக் காகிதத்தைக் கொடுத்தேன்" என்று காட்ட கையில் எது இருக்கும் என்று பார்க்க வேண்டும். மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 112-ஆம் விதி இதற்குத்தான் முக்கியம். முதல் அலுவலர் முன் வைக்காத ஆதாரத்தை மேல்முறையீட்டில் புதிதாக வைக்க முடியாது என்பது பொது நிலை. அலுவலர் வாங்க மறுத்தார், தகுந்த காரணத்தால் கொடுக்க முடியவில்லை, போதிய வாய்ப்பே தரவில்லை என்பது போன்ற சில சூழல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மேசையில் விரித்துக் காட்டி, திரும்பக் கட்டி எடுத்து வந்த பில், சட்டத்தின் கண்ணில் முன்வைக்காத பில்.

முதலில் நோட்டீஸ் எந்த வழியில் வந்தது என்று பாருங்கள்

போர்ட்டலில் உள்ளே நுழைந்து இரண்டு இடங்களைத் திறக்க வேண்டும்:

```
Services > User Services > View Notices and Orders
Services > User Services > View Additional Notices/Orders
```

முதல் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று வெளியே வருவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆய்வு நோட்டீஸ், வரிக் கோரிக்கை நோட்டீஸ் போன்றவை பெரும்பாலும் இரண்டாவது இடத்தில்தான் இருக்கும். சட்டத்தின் 169-ஆம் பிரிவுப்படி போர்ட்டலில் ஏற்றுவதும் நோட்டீஸ் சார்வு செய்யும் ஒரு முறை. எனவே "பார்க்கவே இல்லை" என்பது தானாகவே காப்பாற்றிவிடாது. போர்ட்டலில் மட்டும் நோட்டீஸ் போட்டு, பதில் வராமல் உத்தரவு போட்ட பல வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் மறு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஆனால் அவற்றில் பலவற்றில், கேட்கப்பட்ட வரியில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு வா என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. அதோடு ரிட் மனுச் செலவு வேறு. பதிவில் இருக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பழைய ஆடிட்டருடையதாக இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். ஓடிபி அங்கேதான் போகும், நோட்டீஸ் வந்த தகவலும் அங்கேதான் போகும்.

நோட்டீஸின் பெயர்தான் அடுத்த முடிவைத் தரும். ASMT-10 என்றால் ரிட்டர்ன் ஆய்வில் வித்தியாசம் கண்டுபிடித்துக் கேட்கும் நோட்டீஸ். 61-ஆம் பிரிவின் கீழ் வருவது. பதில் ASMT-11 படிவத்தில், பொதுவாக 30 நாளுக்குள் தர வேண்டும். DRC-01 என்றால் வரி, வட்டி, அபராதம் கேட்கும் காரணம் கேட்பு நோட்டீஸின் சுருக்கம். 142-ஆம் விதி, இதற்கான பதில் DRC-06 படிவத்தில் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்த இரண்டுக்கும் பதில் போர்ட்டலில் போயே ஆக வேண்டும். நேரில் போவது கூடுதலாகச் செய்வது.

70-ஆம் பிரிவின் கீழ் சம்மன் வந்தால் கதை வேறு. அது ஆஜராகச் சொல்வது. போர்ட்டலில் கடிதம் ஏற்றிவிட்டு வீட்டில் இருக்க முடியாது. அங்கே நீங்கள் சொல்வது வாக்குமூலமாக எழுதப்படும், கையெழுத்து வாங்கப்படும், பின்னாளில் ஆதாரமாகவும் பயன்படும். வரி ஆலோசகரைக் கலந்துகொள்ளாமல் அதற்குப் போகாதீர்கள்.

இன்னொரு வகை, தபாலில் அல்லது கையில் காகிதமாக மட்டும் வரும் கடிதம். மத்திய ஜிஎஸ்டி அலுவலகக் கடிதமானால் அதில் DIN என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும், போர்ட்டல் வழி வந்ததில் RFN என்ற குறிப்பு எண் இருக்கும். போர்ட்டலில் அதற்கு இணையான வழக்கே திறக்கப்படவில்லை என்றால், பதில் சொல்ல அங்கே இடம் இருக்காது. அப்போது காகிதப் பதிலும் முத்திரையும்தான் வழி. அதே பதிலை அலுவலரின் அரசு மின்னஞ்சலுக்கும் அன்றே அனுப்புங்கள்.

போர்ட்டல் பதில் விட்டுவைப்பது

வழக்கைத் திறந்தால் நோட்டீஸ், பதில், உத்தரவு என்று தனித்தனிப் பகுதிகள் தெரியும். பதில் பகுதிக்குப் போய் `ADD REPLY` கொடுத்து, வகையைத் தேர்ந்து, விவரம் எழுதி, கோப்பு ஏற்றி, கையெழுத்திட வேண்டும். கம்பெனியும் எல்எல்பியும் டிஜிட்டல் கையொப்பத்தில்தான் முடிக்க வேண்டும். தனிநபர் வியாபாரமும் கூட்டாண்மை நிறுவனமும் ஓடிபி மூலம் முடிக்கலாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் காலாவதியாகிவிட்டதா என்பதைக் கடைசி நாள் இரவில் கண்டுபிடிக்காதீர்கள்.

முடிந்ததும் ARN என்ற ஒப்புகை எண்ணும் தேதியும் வரும். வழக்கின் நிலை, பதில் வந்துவிட்டது, உத்தரவு நிலுவை என்ற பொருளுக்கு மாறும். அந்த எண்ணின் பலம் இதுதான்: என்ன தேதியில், எந்த வழக்கில், எந்தக் கோப்புகளோடு பதில் தந்தீர்கள் என்பதை இரு தரப்பும் ஒரே இடத்தில் பார்க்க முடியும். அலுவலர் மாறினாலும் புதிதாக வருபவர் திரையில் அதைக் காண்பார்.

அதன் வரம்புகளையும் தெரிந்துகொள்ளுங்கள். அனுப்பிய பதிலைத் திருத்த முடியாது. கோப்புக்கு அளவும் எண்ணிக்கையும் கட்டுப்பாடு உண்டு, அது ஏற்றும் பெட்டியின் கீழேயே எழுதியிருக்கும். வருடம் முழுக்க உள்ள பில்களை அப்படியே ஏற்ற முடியாது. பலர் இங்கேதான் இடறுகிறார்கள். பெட்டியில் "விரிவான பதில் அலுவலகத்தில் நேரில் தரப்படும்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, பிறகு போகாமலோ, போய் முத்திரை வாங்காமலோ விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரியே அவர்களுடைய முழுப் பதிலாகக் கோப்பில் நின்றுவிடும்.

இதற்கு நடைமுறை வழி: பதில் கடிதம் ஒரு பிடிஎஃப், எல்லாப் பில்களின் பட்டியல் ஒன்று, முக்கியமான ஆதாரங்கள் கறுப்பு வெள்ளையில் குறைந்த தெளிவில் ஸ்கேன் செய்து ஒன்று. ஒவ்வொரு பக்கத்திலும் எண் போடுங்கள். கடிதத்தில் "இணைப்பு 2, பக்கம் 14" என்று குறிப்பிடுங்கள். ஏற்ற முடியாமல் மிஞ்சும் பில்களின் முழுப் பட்டியலையும் ஏற்றி, அவற்றின் நகல்களை இன்ன தேதியில் தபால் பிரிவில் ஒப்படைப்பதாகக் கடிதத்திலேயே எழுதி, அதன்படி ஒப்படைத்துவிடுங்கள். பட்டியல் ஒரு பக்கம், முத்திரை ஒரு பக்கம் என்று இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

DRC-06 பக்கத்தில் நேரடி விசாரணை வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். பலர் அலைச்சல் வேண்டாம் என்று `No` கொடுத்துவிடுகிறார்கள். `Yes` கொடுங்கள். 75(4) பிரிவுப்படி, எழுத்தில் கேட்டாலோ, பாதகமான முடிவு எடுக்க நினைத்தாலோ விசாரணை வாய்ப்பு தந்தே ஆக வேண்டும். `No` கொடுத்தவருக்கும் பாதகமான உத்தரவுக்கு முன் வாய்ப்பு தர வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஒரு கட்டத்தைத் தப்பாகத் தொட்டதற்காக உயர் நீதிமன்றம் வரை போவானேன்?

நேரில் போவது விட்டுவைப்பது

நேரில் போவதில் மூன்று வகை உண்டு, மூன்றும் விட்டுவைப்பது வேறு வேறு.

ஒன்று, விவரம் கேட்கப் போவது. நோட்டீஸில் ஒரு தொகை மட்டும் இருக்கும், எந்த பில்லால் வந்த வித்தியாசம் என்று புரியாது. அலுவலரிடம் அல்லது பிரிவு உதவியாளரிடம் கேட்டால் அவர்கள் எடுத்த கணக்குத் தாள் கிடைக்கும். இது மிகவும் பயனுள்ள வேலை, பதிலின் தரத்தையே மாற்றும். ஆனால் பதிவு என்று எதுவும் மிஞ்சாது. அங்கே வாய்விட்டு "அது எங்க தப்புதான் சார்" என்று சொல்ல வேண்டாம், கணக்குத் தாளை வாங்கி வந்தால் போதும். அதைத் தர மறுத்தால், அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதி முத்திரை வாங்குங்கள். பிறகு "விவரம் தரப்படவில்லை" என்று சொல்ல அதுவே ஆதாரம்.

இரண்டு, காகிதம் ஒப்படைப்பது. எப்போதும் இரண்டு பிரதி. தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியுடன் அலுவலக முத்திரையும் பெற்றவர் கையெழுத்தும் வாங்குங்கள், உள்வரவு எண் போட்டால் இன்னும் நல்லது. முத்திரை முதல் பக்கத்தில் மட்டும்தான் விழும். அதனால் அந்த முதல் பக்கத்திலேயே இணைப்புகளின் பெயரும் மொத்தப் பக்க எண்ணிக்கையும் இருக்க வேண்டும். "கடிதம் மட்டும்தான் வந்தது, இணைப்பு வரவில்லை" என்ற பேச்சுக்கு அதுதான் மருந்து. முதல் பக்கம் இப்படி இருந்தால் போதும்:

> பார்வை: தங்கள் நோட்டீஸ் எண் …, நாள் …, போர்ட்டல் பதில் ARN …, நாள் …
> ஐயா, மேற்கண்ட பதிலின் தொடர்ச்சியாகக் கீழ்க்காணும் ஆவணங்களை ஒப்படைக்கிறேன்.
> 1. கொள்முதல் பில் நகல்கள், பக்கம் 1 முதல் 62
> 2. வங்கிக் கணக்கு விவரம், பக்கம் 63 முதல் 71
> மொத்தம் 71 பக்கங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அசல் பில்லைக் கொடுக்காதீர்கள். பார்வைக்குக் காட்டலாம், ஒப்படைப்பது கையெழுத்திட்ட நகலாக இருக்கட்டும். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். நேரே தபால் நிலையத்துக்குப் போய், அதே கவரை ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, விசாரணை. இது 75(4) பிரிவில் வரும் முறையான நிகழ்வு. மத்திய அலுவலகங்களில் இது காணொளி வழியாகவும் நடக்கிறது. சுருக்கமான ஒரு விசாரணைக் குறிப்பு எழுதப்படும், அதுதான் பதிவு. நீங்கள் அரை மணி நேரம் பேசியது அதில் நான்கு வரியாகிவிடும். அந்த நான்கு வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. "வரியை ஒப்புக்கொண்டார்" என்ற சொல் எங்காவது நுழைந்திருக்கிறதா, நீங்கள் கொடுத்த காகிதம் குறிப்பில் பெயர் சொல்லி இருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள், நகல் கேளுங்கள். பேசியதையெல்லாம் முன்கூட்டியே இரண்டு பக்கத்தில் எழுதி எடுத்துப்போய் "எழுத்துபூர்வ வாதம்" என்று ஒப்படைத்துவிட்டால் குறிப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கவலையில்லை. அன்றைக்குப் போக முடியாவிட்டால் காரணத்துடன் எழுத்தில் ஒத்திவைப்பு கேளுங்கள். 75(5) பிரிவுப்படி ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று முறைதான். போன் செய்து சொன்னது கோப்பில் "ஆஜராகவில்லை" என்றுதான் ஏறும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஈரோட்டில் ஒரு மொத்த ஜவுளி வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். 2023-24 ஆண்டுக்கு ASMT-10 வருகிறது. கடைக்காரர் போட்ட GSTR-3B ரிட்டர்னில் எடுத்த உள்ளீட்டு வரி, அதாவது கொள்முதலில் கட்டி வரவாக எடுத்துக்கொண்ட வரி, 9,46,200 ரூபாய், விற்றவர்கள் தந்த விவரத்தைக் கொண்டு போர்ட்டல் தயாரிக்கும் GSTR-2B-யில் தெரிவது 7,61,800 ரூபாய், வித்தியாசம் 1,84,400 ரூபாய்க்கு விளக்கம் தருக என்கிறது. கடைக்காரர் முதலில் அலுவலகம் போய்க் கணக்குத் தாளை வாங்குகிறார். மாதவாரியாக உட்கார்ந்து பார்த்ததில் வித்தியாசம் மூன்றாகப் பிரிகிறது.

1,12,000 ரூபாய், 2023 பிப்ரவரி, மார்ச் மாத பில்களுக்கு உரியது. அவை அந்த மாதங்களின் 2B-யில் ஏற்கனவே இருக்கின்றன, ஆனால் வரியை எடுத்தது 2023 ஜூன் ரிட்டர்னில். 16(4) பிரிவுப்படி அடுத்த நவம்பர் 30 வரை எடுக்கலாம் என்பதால் சரியானதுதான். இதற்குப் பேச்சே தேவையில்லை. அந்த இரு மாத 2B-யும், அந்த இரு மாத 3B-யில் எடுக்கவில்லை என்று காட்டும் நகலும், ஜூன் 3B-யும், பில் பட்டியலும் போதும். முழுக்கப் போர்ட்டல் வேலை.

52,400 ரூபாய், பதிவு பெறாத லாரி சரக்குப் போக்குவரத்து ஏஜென்சிக்குத் தந்த வாடகைக்கு, கடைக்காரரே எதிர்நிலை முறையில் ரொக்கப் பேரேட்டிலிருந்து கட்டிய வரி. ஏஜென்சி ரிட்டர்ன் போடாததால் அது 2B-யில் வர வழியே இல்லை. 3B-யில் 3.1(d) கட்டத்தில் கட்டியதும் 4(A)(3) கட்டத்தில் எடுத்ததும் ஒத்துப்போகின்றன என்று ஒரு மாதவாரிப் பட்டியல், அதோடு தன் பெயரில் தானே போட்ட பில்கள், சரக்குச் சீட்டுகள். சீட்டுகள் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கும், மங்கலான கார்பன் நகல்கள். இவற்றை ஸ்கேன் செய்து ஏற்றினால் யாராலும் படிக்க முடியாது. இங்கேதான் நேரில் போவது பொருள் தரும்: பட்டியலும் மாதிரிக்கு ஐந்தாறு சீட்டும் போர்ட்டலில், மற்றவற்றின் நகல் தபால் பிரிவில், அசல் பார்வைக்கு அலுவலர் மேசையில்.

மீதி 20,000 ரூபாய், ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றியது. இது உண்மையான பிழை. இதை நேரில் போய் "கட்டிடறேன் சார்" என்று சொல்வதில் பயனில்லை. தானாக முன்வந்து கட்டுவதற்கான DRC-03 படிவம் வழியாக மத்திய வரி 10,000, மாநில வரி 10,000 கட்டி, அந்த வரியைப் பயன்படுத்திய நாளிலிருந்து ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் கட்ட வேண்டும். இரண்டு முழு ஆண்டு என்றால் 7,200 ரூபாய். காரணம் கேட்பு நோட்டீஸ் வருவதற்கு முன் இப்படிக் கட்டிவிட்டால் 73-ஆம் பிரிவில் அபராதம் இல்லை. விட்டுவிட்டு உத்தரவு வரை போனால் வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது அபராதம். DRC-03-இன் ARN-ஐ ASMT-11 பதிலில் குறிப்பிட மறக்கக் கூடாது. குறிப்பிடாவிட்டால் கட்டிய பணம் ஓரிடத்திலும் கோரிக்கை வேறிடத்திலும் கிடக்கும். பதிலில் சொற்களையும் கவனியுங்கள்: "ரூ.20,000 மட்டும் ஏற்கப்படுகிறது, மீதி ரூ.1,64,400 ஏற்கப்படவில்லை" என்று பிரித்தே எழுதுங்கள்.

விளக்கம் ஏற்கப்பட்டால் ASMT-12 வரும். அது வராதவரை அந்த ஆய்வு முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம், அலுவலர் வாயால் எவ்வளவு உறுதியாகச் சொல்லியிருந்தாலும் சரி. 2023-24 வரைக்கும் பழைய 73, 74 பிரிவுகள். 2024-25 முதல் 74A பிரிவு, அதில் கால வரம்புகள் வேறு என்பதால் நோட்டீஸில் எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்று பார்த்துவிட்டே நாள் எண்ணுங்கள்.

போர்ட்டல் வேலை செய்யாத கடைசி நாள்

ஓடிபி வரவில்லை, கோப்பு ஏறவில்லை, `ADD REPLY` திறக்கவில்லை. அப்போது தேதியும் நேரமும் தெரியும்படி திரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், `selfservice.gstsystem.in` தளத்தில் புகார் பதிந்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே அதே பதிலை அலுவலரின் அரசு மின்னஞ்சலுக்கு அனுப்பி, அலுவலகம் திறந்திருந்தால் முத்திரையும் வாங்குங்கள். கடிதத்தில் புகார் எண்ணைச் சொல்லுங்கள். போர்ட்டல் சரியானதும் அதே பதிலை, ஓர் எழுத்தும் மாற்றாமல், அங்கேயும் ஏற்றுங்கள். இரண்டு பதிலில் இரண்டு தொகை இருந்தால், அந்த முரண்பாடே உங்களுக்கு எதிராகப் பேசும்.

உத்தரவு வந்ததும் சரிபார்க்க வேண்டியது

DRC-07 வந்தால் தொகைக்கு முன்னால், விரிவான உத்தரவின் முன்பகுதியைப் படியுங்கள். உங்கள் பதிலின் தேதி, ARN, முத்திரை பெற்ற கடிதம், விசாரணை நாள் ஆகியவை அதில் வருகின்றனவா? 75(7) பிரிவுப்படி நோட்டீஸில் கேட்ட தொகைக்கு மேலோ, நோட்டீஸில் இல்லாத காரணத்துக்கோ உத்தரவு போட முடியாது என்பதால் அதையும் ஒப்பிடுங்கள். ARN இருந்தும் "பதில் இல்லை" என்று எழுதியிருந்தால் அது பதிவிலேயே கண்ணுக்குத் தெரியும் பிழை. 161-ஆம் பிரிவில், உத்தரவு நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருத்தம் கேட்கலாம். ஆனால் மேல்முறையீட்டுக்கும் 107-ஆம் பிரிவில் அதே மூன்று மாதம்தான், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். திருத்த மனு போட்டுவிட்டதால் அந்தக் காலம் தானாக நிற்காது. திருத்த மனுவைப் போர்ட்டலில் போட்ட அன்றே நாள்காட்டியில் மேல்முறையீட்டின் கடைசி நாளையும் குறித்துவையுங்கள். சர்ச்சைக்குரிய வரியில் 10 சதவீத முன்வைப்புத் தொகையையும் தயாராக வைத்திருங்கள்.